பயிற்சி கொடுத்தும் பழைய டிக்கெட் கட்டு ஏன் திரும்பி வருகிறது?

தாம்பரத்தில் செங்கல்பட்டு வண்டி ஏறி, கூடுவாஞ்சேரிக்கு ஒரு டிக்கெட் கேட்கிறீர்கள். நடத்துநர் கையடக்கக் கருவியில் இரண்டு மூன்று இடங்களைத் தட்டுகிறார், சீட்டு வெளியே வருகிறது. சில்லறை இல்லையென்றால் கருவியின் திரையில் வரும் கட்டத்தை உங்கள் செல்போனில் ஸ்கேன் செய்து பணம் கட்டலாம். சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகம் இந்தப் புதிய கருவிகளை 2024-இல் பல்லாவரம் பணிமனையில் முதலில் இறக்கிப் பார்த்து, பிறகு மற்ற பணிமனைகளுக்குக் கொண்டுபோனது.

இதற்கு முன்பும் கருவிகள் வந்தன, தெரியுமா? அந்தப் பழைய தலைமுறைக் கருவிகள் வயதாகிப் பழுதாக ஆக, பல பேருந்துகளில் டிக்கெட் கட்டே மீண்டும் நடத்துநரின் கைக்கு வந்தது. நடத்துநர்களுக்குக் கருவியை இயக்கத் தெரியாமல் போய்விடவில்லை. அப்படியிருந்தும் பழைய முறை திரும்பியது.

நீங்கள் ஒரு கடை, பள்ளிக்கூடம், சிறு தொழிற்கூடம், மருத்துவமனை என்று எதை நடத்தினாலும் இதே இடத்தில் ஒருநாள் நிற்பீர்கள். புதிதாக ஒன்றைக் கொண்டுவருவீர்கள். இரண்டு நாள் பயிற்சி கொடுப்பீர்கள். மூன்றாவது மாதம் பார்த்தால் பழைய நோட்டு மேசைமேல் இருக்கும். ஏன் இப்படி ஆகிறது, முன்கூட்டியே என்ன செய்யலாம் என்பதற்கு ஒரு வழி இருக்கிறது. அதன் பெயர் ஆட்கார் (ஐந்து ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர்).

யார் சொன்ன வழி இது? ஜெஃப் ஹையட் என்ற அமெரிக்கர் சொன்னது. 1994-இல் ப்ரோசை என்ற ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கியவர் அவர். நூற்றுக்கணக்கான நிறுவனங்களில் மாற்றங்கள் எப்படி நடந்தன, எங்கே கவிழ்ந்தன என்று பார்த்து இந்த வழியை வகுத்தார். 2006-இல் இதைத் தனிப் புத்தகமாகவும் எழுதினார். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: நிறுவனம் மாறுவதில்லை, அதில் இருக்கும் ஒவ்வொரு ஆளும் மாறுகிறார். ஒவ்வொருவரும் ஐந்து படிகளை அதே வரிசையில் ஏறியாக வேண்டும். ஏன் மாற வேண்டும் என்று அறிவது முதல் படி. மாற விரும்புவது இரண்டாவது. எப்படிச் செய்வதென்று தெரிந்துகொள்வது மூன்றாவது. கை பழகிச் செய்ய முடிவது நான்காவது. செய்ததை விட்டுவிடாமல் நிலைநிறுத்துவது ஐந்தாவது.

பயிற்சி இந்த ஐந்தில் எங்கே வருகிறது? மூன்றாவது படியில் மட்டும். நாம் செலவழிக்கும் பணமும் நேரமும் பெரும்பாலும் அந்த ஒரு படிக்கே போகிறது. ஆள் முதல் படியிலேயே நின்றுகொண்டிருந்தால் எத்தனை வகுப்பு எடுத்தும் பயன் கிடையாது. இதை நடத்துநரின் வேலையை வைத்தே பார்ப்போம், ஏனென்றால் அவர் கையில் நடப்பது நம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்.

டிக்கெட் கட்டுடன் வேலை செய்யும் நடத்துநருக்கு என்னென்ன வேலை? ஒவ்வொரு விலைக்கும் ஒரு கட்டு. ஸ்டேஜ் (கட்டணம் மாறும் நிறுத்தம்) வரும்போதெல்லாம் எந்த எண் வரை சீட்டு கிழித்திருக்கிறார் என்று வே பில்லில் (பயண வரவுத் தாளில்) எழுத வேண்டும். பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் 2021 மே முதல் பயணம் இலவசம், ஆனாலும் அவர்களுக்கும் கட்டணமில்லாச் சீட்டு கொடுத்தாக வேண்டும். டூட்டி முடிந்ததும் டிப்போவில் உட்கார்ந்து எண்ணையும் பணத்தையும் சரிபார்க்க வேண்டும். கணக்கில் குறைந்தால் கையிலிருந்து போட வேண்டும்.

இப்போது முதல் படி, அறிதல். “நாளையிலிருந்து மெஷின்” என்று ஒரு சுற்றறிக்கையை அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் அவர் அறிந்துகொண்டார் என்று ஆகுமா? ஆகாது. மாற்றம் வருகிறது என்பது அவருக்குத் தெரியும், ஏன் வருகிறது என்பது தெரியாது. அந்த இடைவெளியை வதந்தி நிரப்பும். “நம்மை வேவு பார்க்கத்தான்”, “அடுத்து கண்டக்டரே வேண்டாம் என்பார்கள்” என்று டீக்கடையில் பேச்சு ஓடும். எந்த நேரத்தில் எந்த ஸ்டேஜில் எவ்வளவு கூட்டம் ஏறுகிறது என்று காகிதச் சீட்டு சொல்லாது, கருவி சொல்லும், அதை வைத்து எங்கே கூடுதல் வண்டி விடுவதென்று முடிவெடுக்கலாம் என்பது ஒரு காரணம். சில்லறைத் தகராறு குறையும் என்பது இன்னொன்று. இவற்றை அவர் காதில் விழும்படி சொல்ல வேண்டும்.

யார் சொல்ல வேண்டும்? இது முக்கியமான சந்தேகம். நிறுவனம் ஏன் மாறுகிறது என்பதை மேலே இருப்பவர் சொன்னால்தான் நம்புவார்கள். “எனக்கு என்ன ஆகும்” என்பதை அன்றாடம் தன்னுடன் வேலை பார்க்கும் மேலாள் சொன்னால்தான் நம்புவார்கள். ப்ரோசையின் ஆய்வுகளும் இதையே திரும்பத் திரும்பச் சொல்கின்றன. டிப்போ கிளை மேலாளர் பேச வேண்டியதைத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த யாரோ பேசினால், கூட்டத்தில் ஒரு கேள்வியும் எழாது. எழவில்லை என்பதை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அவர் முதல் படியைத் தாண்டிவிட்டாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? “புரிந்ததா?” என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். “பயணி யாராவது ஏன் மெஷின் வந்தது என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?” என்று கேளுங்கள். தன் சொந்த வார்த்தையில் ஒரு காரணம் வந்தால் தாண்டிவிட்டார். “மேலிடத்து உத்தரவு” என்று வந்தால் இன்னும் அங்கேயே நிற்கிறார்.

இரண்டாவது படி விருப்பம். ஐந்தில் மிகக் கடினமானது இதுதான் என்பது என் எண்ணம், ஏனென்றால் இதை மட்டும் உத்தரவு போட்டு வரவைக்க முடியாது. காரணம் நன்றாகப் புரிந்த ஒருவர் “சரிதான், ஆனால் எனக்கு வேண்டாம்” என்று சொல்லலாம். அவர் அப்படிச் சொல்வதற்கு வலுவான நியாயம் இருக்கலாம்.

நடத்துநர் பக்கத்திலிருந்து பாருங்கள். காலை எட்டரை மணி. பெருங்களத்தூரில் படி வரை கூட்டம். ஒருவர் செல்போனில் பணம் அனுப்பிவிட்டேன் என்கிறார், அவர் திரையில் போய்விட்டது, கருவியில் வரவில்லை. அடுத்த ஸ்டேஜ் வந்துவிட்டது. சீட்டு கொடுக்கலாமா, கூடாதா? கொடுத்தபின் பணம் வந்து சேராவிட்டால் யார் பொறுப்பு? சீட்டு கொடுக்காமல் இருக்கும்போது செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கு எழுத்தில் ஒரு பதில் இல்லாதவரை, ரொக்கமும் காகிதச் சீட்டும்தான் அவருக்குப் பாதுகாப்பாகத் தெரியும். அதைப் பிடிவாதம் என்று சொல்வது அநியாயம்.

அப்படியானால் விருப்பத்தை எப்படி வரவைப்பது? இந்த மாற்றத்தால் அவருக்கு உண்டாகக்கூடிய நட்டத்தை முதலில் நீக்க வேண்டும். “கருவிக் கோளாறால் வரும் குறைக்கு நடத்துநர் பணம் கட்ட வேண்டியதில்லை” என்று ஒரே ஒரு வரி எழுத்தில் வந்தால், பத்துக் கூட்டங்களில் பேசியதைவிட அதிக வேலை செய்யும். அடுத்தது, அவருக்கு லாபம் எங்கே என்று காட்டுவது. ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் வே பில் எழுதும் வேலை போய்விடும், இரவில் கணக்கு முடிக்கும் நேரம் சுருங்கும். டூட்டி முடிந்து கடைசி ரயிலைப் பிடிக்க ஓடும் ஒருவருக்கு அது பெரிய விஷயம்.

விருப்பம் இல்லை என்று எல்லாரும் ஒரே மாதிரி சொன்னால் இன்னொன்றையும் யோசியுங்கள். உங்கள் திட்டத்திலேயே ஓட்டை இருக்கலாம். இந்த ஐந்து படி ஒரு மாற்றம் நல்லதா கெட்டதா என்று சொல்லாது. ஆளைக் குறைக்கத்தான் மாற்றம் என்றால், எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் விருப்பம் வராது, வரவும் கூடாது. அந்த உண்மையை முதல் நாளே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

மூன்றாவது படி அறிவு. இதைச் சீக்கிரம் கடந்துவிடலாம், ஏனென்றால் எல்லோரும் ஓரளவு சரியாகச் செய்வது இது ஒன்றைத்தான். இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். பயிற்சிக்கும் வேலை தொடங்குவதற்கும் நடுவில் ஒரு மாதம் விட்டால் கற்றது போய்விடும். அந்த வாரமே தொடங்குங்கள். இன்னொன்று, எல்லாம் நன்றாக ஓடும்போது என்ன செய்வது என்பதைவிடக் கருவி நின்றால் என்ன செய்வது என்று கற்றுக்கொடுப்பதில்தான் அதிக நேரம் போக வேண்டும். தாள் சுருள் தீர்ந்தால், சார்ஜ் இறங்கினால், சிக்னல் போனால், தவறான ஸ்டேஜுக்குச் சீட்டு அடித்துவிட்டால் என்ன செய்வது? புதிதாகக் கற்றவர் தடுமாறுவது இந்த நான்கில்தான்.

நான்காவது படியான திறனும் மூன்றாவதும் ஒன்றுதானே என்று தோன்றும். ஒன்றல்ல. வகுப்பறை மேசையில் கருவியை வைத்துச் சரியாக இயக்கிய அதே ஆள், ஓடும் வண்டியில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் இயக்கும்போது தவறு செய்வார். அவருக்குத் தெரியும், இன்னும் முடியவில்லை. இந்த இடத்தில் மறுபடி வகுப்புக்கு அனுப்புவதுதான் நாம் செய்யும் பெரிய பிழை. அவருக்குத் தேவை கை பழகும் நேரமும், பக்கத்தில் நின்று திருத்த ஓர் ஆளும்.

நடைமுறையில் இதற்கு என்ன பொருள்? முதல் வாரம் கூட்டம் குறைந்த மதிய நேர ட்ரிப்பில் தொடங்கலாம். ஏற்கெனவே பழகிய ஒரு நடத்துநரைக் கூட அனுப்பலாம். முதல் சில வாரங்களில் நேரம் தவறினாலும் கேள்வி கேட்காமல் இருக்கலாம். இதற்குச் செலவு உண்டு. அந்தச் செலவைத் திட்டத்திலேயே எழுதிவையுங்கள். எழுதாவிட்டால் அதை ஊழியர்தான் திட்டு வாங்கிக் கட்டுவார்.

இனி உங்கள் இடத்துக்கு வருவோம். கூடுவாஞ்சேரியில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி நீங்கள் ஒரு மருந்துக்கடை நடத்துவதாக வைத்துக்கொள்வோம். கையால் பில் போட்டுக்கொண்டிருந்த நான்கு ஊழியர்கள் இனி கம்ப்யூட்டரில் பார்கோடு அடித்து பில் போட வேண்டும். இரண்டு வாரம் ஆகிவிட்டது, பாதி பில் இன்னும் கையில்தான் போகிறது. யாரிடம் போய் என்ன பேசுவீர்கள்?

ஒவ்வொருவருக்கும் ஐந்து படிக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போடுங்கள். முதல் படியிலிருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டு போங்கள். மூன்றோ அதற்குக் குறைவோ முதலில் எங்கே வருகிறதோ, அதுதான் அவர் தடைப்படி (முன்னேற்றம் நின்றுபோன இடம்). அதற்கு மேலே உள்ள படிகளில் என்ன குறை இருந்தாலும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

கடையில் நீண்ட காலமாக இருக்கும் மூத்தவருக்கு அறிதல் இரண்டு. “இவ்வளவு நாள் நோட்டிலேதானே ஓட்டினோம் முதலாளி?” என்கிறார். அவரிடம் கம்ப்யூட்டர் பற்றிப் பேசவே வேண்டாம். காலாவதி தாண்டியதால் மொத்த வியாபாரி திரும்ப எடுக்காத அட்டைகளை ஒரு பெட்டியில் போட்டு அவர் முன்னால் வையுங்கள். எந்த மருந்து எந்த மாதம் காலாவதி ஆகும் என்று நோட்டு முன்கூட்டிச் சொல்லாது என்பதை அந்தப் பெட்டியே சொல்லும்.

இரண்டாமவருக்கு அறிதல் ஐந்து, விருப்பம் இரண்டு. தனியாக உட்காரவைத்துப் பேசினால் காரணம் வெளியே வரும். இருப்புக் கணக்கில் குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பீர்களோ என்ற பயம். முதல் மூன்று மாதம் எந்தக் குறைக்கும் பிடித்தம் இல்லை என்று சொல்லுங்கள், சொன்னபடி இருங்கள். ஒரே ஒருமுறை மீறினாலும் அவரும் மற்ற மூவரும் பழைய பில் புத்தகத்துக்குப் போய்விடுவார்கள்.

மூன்றாமவருக்கு முதல் இரண்டும் நான்கு, அறிவு இரண்டு. அவர் கை பில் போடுவது ஒரே ஒரு சமயத்தில்தான்: அட்டையில் பத்து மாத்திரை இருக்க, வாடிக்கையாளர் மூன்று மட்டும் கேட்கும்போது. பார்கோடு அடித்தால் முழு அட்டையும் பில்லில் ஏறுகிறது. அட்டையாக இருக்கும் இருப்பை மாத்திரைக் கணக்காக மாற்றுவது எப்படி என்று அவருக்கு யாரும் காட்டவில்லை. பதினைந்து நிமிட வேலை. இந்த ஒருவருக்குத்தான் உண்மையில் பயிற்சி தேவை.

நான்காமவர் இளையவர், எல்லாம் தெரிந்தவர். பகல் முழுக்கக் கம்ப்யூட்டர் பில். மாலை ஆறிலிருந்து எட்டு வரை, பக்கத்துக் கிளினிக் கூட்டமும் ரயிலிலிருந்து இறங்கிய கூட்டமும் சேரும்போது மட்டும் கை பில். அவர் தடைப்படி திறன். அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஒரு மாதம் போல இன்னோர் ஆளைக் கவுன்டரில் நிறுத்துங்கள், வேகம் தானாக வரும்.

நால்வருக்கும் நான்கு மருந்து. நால்வரையும் மறுபடி ஒரே வகுப்பில் உட்காரவைத்திருந்தால் மூவருக்கு அது வீண்.

மதிப்பெண்ணை யார் போடுவது, நீங்களா அவர்களா? இரண்டு பேரும் தனித்தனியாகப் போடுவது நல்லது. நீங்கள் நான்கு போட்ட இடத்தில் அவர் இரண்டு போட்டிருந்தால், அந்த வித்தியாசத்தைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். பெயரைச் சொல்லி மற்றவர் முன்னால் இந்த எண்களை வாசிக்காதீர்கள். சம்பள உயர்வுக்கும் இதைப் பயன்படுத்தாதீர்கள். பயன்படுத்தினால் அடுத்த முறை எல்லோரும் எல்லாவற்றுக்கும் ஐந்துதான் போடுவார்கள்.

ஐந்தாவது படிக்கு வருவோம். பழைய டிக்கெட் கட்டு ஏன் திரும்பி வந்தது என்ற கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. நிலைநிறுத்தல் என்றதும் பாராட்டுச் சான்றிதழ், பரிசு என்று நினைத்துக்கொள்கிறோம். அவையும் வேண்டும். ஆனால் புது முறையைச் செய்வதற்குத் தேவையான பொருள் எப்போதும் கையில் இருப்பதும், பழைய முறைக்குப் போகும் வழி எளிதாக இல்லாமல் இருப்பதும்தான் இதன் முதுகெலும்பு. கருவி பழுதானால் மாற்றுக் கருவி டிப்போவில் இல்லை, ரிப்பேருக்கு அனுப்பியது திரும்பவில்லை, அலமாரியில் கட்டு கட்டாகக் காகிதச் சீட்டு இருக்கிறது என்றால் எந்த நடத்துநரும் காகிதத்துக்குத்தான் போவார். பயணியை ஏற்றிச் செல்வதை அவர் நிறுத்திவைக்க முடியாது. ஆளிடம் முதல் நான்கு படியும் சரியாக இருந்தும், பழுது பார்ப்பதற்கான ஏற்பாடு இல்லாததால் மாற்றம் சரிந்துவிடும்.

அதனால் மாற்றத்துக்குப் பணம் ஒதுக்கும்போது வாங்கும் விலையை மட்டும் பார்க்காமல், மூன்றாவது ஆண்டில் பழுது பார்க்க யார், எவ்வளவு நேரத்தில் வருவார், அதுவரை மாற்றாக என்ன இருக்கும் என்பதையும் அன்றே எழுதிக்கொள்ளுங்கள்.

பழைய முறையை எப்போது முழுதாக எடுத்துவிடுவது? முதல் நாளே எடுத்தால் கூட்டத்தில் மாட்டிக்கொண்டவர் தவித்துப் போவார். எடுக்காமலே விட்டால் எல்லோரும் அதிலேயே இருப்பார்கள். மருந்துக்கடையில் இப்படிச் செய்யலாம்: ஒரு மாதம் இரண்டும் இருக்கட்டும், ஆனால் கையால் போட்ட ஒவ்வொரு பில்லின் பின்பக்கமும் ஏன் கையால் போட்டோம் என்று ஒரு சொல் எழுத வேண்டும். “கூட்டம்”, “கரன்ட் இல்லை”, “மூணு மாத்திரை” என்று எழுதினால் போதும். வாரக் கடைசியில் அவற்றை எடுத்து அடுக்கிப் பார்த்தால், எந்தப் படியில் யார் நிற்கிறார் என்று மதிப்பெண் இல்லாமலே தெரிந்துவிடும்.

“கரன்ட் இல்லை” என்பது மட்டும் மிச்சம் இருக்கும் வாரத்தில், பில் புத்தகங்களில் ஒன்றை மட்டும் மின்தடைக்கென்று கல்லாப்பெட்டியில் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கடையிலிருந்து எடுத்துவிடலாம். கரன்ட் வந்ததும் அந்தக் கை பில்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது யார் வேலை என்பதையும் அன்றே பெயர் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள். அதை விட்டுவிட்டால் இருப்புக் கணக்கு ஒரே வாரத்தில் பொய்யாகிவிடும், அதன்பின் கம்ப்யூட்டர் சொல்வதைக் கடையில் யாரும் நம்பமாட்டார்கள்.